பந்து கையில் இல்லாத நேரம்

கூடைப்பந்தில் பந்தை அடிக்கடி பறிகொடுக்கும் கார்டுக்கு ஊரில் கிடைக்கும் அறிவுரை பெரும்பாலும் ஒன்றுதான்: "பந்தைக் கெட்டியாகப் பார்த்துக்கோ." அவர் தலையைக் குனிந்து பந்தையே பார்க்கத் தொடங்குகிறார். எதிரே நிற்பவரின் கையும் காலும் கண்ணிலிருந்து மறைகின்றன. அடுத்த முறை பந்து இன்னும் சுலபமாகப் பறிபோகிறது. பறித்தவருக்கு மின்னல் வேகக் கை என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள். ஆனால் கைவேகத்தால் மட்டும் பறிபோகும் பந்துகள் குறைவு. பந்து எப்போது, எங்கே இருக்கும் என்று முன்கூட்டியே ஊகித்ததால் பறிபோகிறவைதான் அதிகம். அந்த ஊகத்துக்கு இடம் கொடுக்காமல் ஆடும் இரண்டு வழிகள்தான் கிராஸ்ஓவரும் வேகமாற்றமும்.

முதலில் பந்தைப் பார்ப்போம். பந்தைத் தட்டிக்கொண்டு போகும்போது அது பாதி நேரம்கூட நம் கையில் இருப்பதில்லை. விரல்நுனியை விட்டுத் தரைக்குப் போய், மோதித் திரும்பி, மறுபடி விரலைத் தொடும் வரை அது யாருக்கும் சொந்தமில்லாத பந்து. அந்த நேரம் எவ்வளவு என்பதுதான் கேள்வி.

நல்ல பந்தை 1.8 மீட்டர் உயரத்திலிருந்து கெட்டியான தளத்தில் விட்டால் 1 மீட்டருக்குச் சற்று மேலே எழும்ப வேண்டும் என்பது சர்வதேச விதி. அதாவது, மோதும் வேகத்தில் முக்கால் பங்குக்குச் சற்றுக் கூடுதலாகவே திரும்பக் கிடைக்கிறது. இதை வைத்து ஒரு கணக்குப் போடலாம். இடுப்பு உயரத்தில், சுமார் 90 செ.மீ.யில் இருந்து, திரும்பி அதே உயரத்தை எட்டும் அளவுக்கு மட்டும் மென்மையாகப் பந்தைத் தட்டினால், அது கையை விட்டுக் கைக்கு வர சுமார் 0.63 நொடி ஆகும். அதே மென்மையோடு முழங்கால் அளவுக்கு, 40 செ.மீ.க்குத் தாழ்த்தினால் 0.42 நொடி. அதே 40 செ.மீ.யில் பந்தை நொடிக்கு நாலரை மீட்டர் வேகத்தில் தரையை நோக்கி ஓங்கி அடித்தால் 0.2 நொடிதான்.

இப்போது எதிராளியின் பக்கம். எதிர்பாராத ஓர் அசைவைக் கண்ணால் கண்டு கையை அசைக்கத் தொடங்கவே மனிதருக்குச் சுமார் 0.2 நொடி தேவை. கையை நீட்டிப் பந்தைத் தொட இன்னும் அதே அளவு நேரம். மொத்தம் 0.4 நொடி என்று வைத்துக்கொண்டால், இடுப்பளவில் மென்மையாகத் தட்டுபவரின் பந்தை அவர் பார்த்த பிறகே சாவகாசமாகத் தட்டிவிடலாம். தாழ்வாக ஆனால் மென்மையாகத் தட்டுபவரிடம் பாதி வாய்ப்பு. தாழ்வாக ஓங்கி அடிப்பவரிடம், எதிராளியின் கை அசையத் தொடங்கும்போதே பந்து விரலுக்குத் திரும்பிவிடுகிறது. "தாழ்வாகத் தட்டு" என்று மட்டும் சொல்லும் பயிற்சி ஏன் போதாது என்பது இதில் தெரியும். உயரத்தைக் குறைப்பதில் பாதிப் பலன், அடிக்கும் விசையில் மீதிப் பாதி.

சொந்தப் பந்தை இப்படி அளந்து பார்க்க ஒரு கைப்பேசி போதும். சாதாரண வீடியோ நொடிக்கு 30 படங்கள் எடுக்கிறது. பந்து விரலை விட்ட படத்திலிருந்து மறுபடி தொட்ட படம் வரை எண்ணுங்கள். 18, 19 வந்தால் அது யாரும் பறிக்கக்கூடிய பந்து. 6, 7 வந்தால் நல்ல பந்து. மண் தரையில் ஆடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: மண் மோதலின் விசையை விழுங்கிவிடும், பந்து சோர்ந்து எழும்பும். அங்கே கையின் விசை கூடுதலாக வேண்டும். பந்தில் காற்று குறைந்திருந்தாலும் இதே கதைதான். ஆகவே கையைக் குறை சொல்லும் முன் பந்தை உயரத்திலிருந்து விட்டுச் சோதித்துவிடுங்கள்.

சரி, பந்து 0.2 நொடியில் திரும்புகிறது. ஆனாலும் பறிபோகிறது என்றால்? அங்கேதான் ஊகம் வருகிறது. டக், டக், டக் என்று ஒரே தாளத்தில் தட்டினால் அடுத்த தட்டல் எப்போது என்று எதிராளிக்குத் தெரிந்துவிடும். அவர் பந்தைப் பார்த்துவிட்டுக் கை நீட்டத் தேவையில்லை. பந்து வரப்போகும் இடத்துக்கு முன்னதாகவே கையை அனுப்பிவிடுகிறார். அவர் கண்டு கையசைக்க வேண்டிய 0.2 நொடி அவருக்கு மிச்சம். எவ்வளவு ஓங்கி அடித்தாலும் தாளம் மாறாத பந்து கணிக்கக்கூடிய பந்துதான்.

நம் ஊர்களில் கபடி பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதன் மருந்தைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. பாடிப் போகிறவர் ஒரே வேகத்தில் ஓடினால் பிடிபடுவார். ஊர்ந்து, நின்று, தோளை ஆட்டி, எதிரணியின் கால் தளர்ந்த நொடியில் பாய்கிறவர்தான் தொட்டுவிட்டுத் திரும்புவார். கூடைப்பந்தின் வேகமாற்றமும் அதுதான்.

அதை நெருங்கிப் பார்ப்போம். கார்டு விரைந்து வருகிறார். டிஃபெண்டர் முழங்காலை மடக்கிப் பின்வாங்குகிறார். கார்டு சட்டென்று நிதானிக்கிறார். முதுகு சற்று நிமிர்கிறது, பார்வை வளையத்துக்குப் போகிறது. எறியப் போகிறாரோ, பந்தைக் கொடுக்கப் போகிறாரோ என்று டிஃபெண்டரும் நிமிர்கிறார். அவருடைய முழங்கால் நிமிர்ந்துவிட்டால், பாய்வதற்கு முன் அதை மறுபடி மடக்கியாக வேண்டும். அந்தச் சிறு தாமதம்தான் கார்டின் சம்பாத்தியம். அந்தக் கணத்தில் பந்தை முன்னே நீளமாகத் தள்ளி, ஒரு தட்டலுக்கு இரண்டு எட்டு வைத்து ஓடினால் தோள் அவரைக் கடந்துவிடும்.

இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். உடல் நிதானிக்கும்போது பந்தும் நிதானித்துவிடுகிறது. முதுகு நிமிரும்போது பந்தும் இடுப்புக்கு ஏறிவிடுகிறது. நேரக் கணக்கில் 0.2 மறுபடி 0.6 ஆகிறது, பந்து போய்விடுகிறது. நிதானம் உடலுக்கு மட்டும்தான். பந்து அப்போதும் தாழ்வாக, ஓங்கி, எதிராளிக்குத் தொலைவான கையில், உடலுக்குப் பின்னால் மறைந்து துள்ள வேண்டும். இதற்கு நேர்மாறான தவறும் உண்டு: ஆட்டம் முழுக்க உச்ச வேகத்தில் ஓடுவது. உச்சத்திலேயே ஓடுபவருக்கு ஏறிச் செல்ல வேறு வேகம் மிச்சமில்லை.

கிராஸ்ஓவர் என்பது பந்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு உடலுக்கு முன்னால் மாற்றித் திசை திருப்புவது. பறிபோகும் ஆபத்து மிகுந்த தட்டல் இதுதான், ஏனென்றால் பந்து எதிராளியின் கைக்கு நேர் எதிரே கடந்து போகிறது. வலமிருந்து இடம் போவதாக வைத்துக்கொள்வோம். வலது காலை வெளிப்பக்கமாக அழுத்தமாக ஊன்றி, வலது தோளைச் சாய்த்து, வலப்பக்கம் போவதாக முழு உடலும் சொல்ல வேண்டும். பிறகு வலது கை பந்தின் வெளிப்பக்கத்தை அழுத்தி, முழங்காலுக்குக் கீழே, இரு கால்களுக்கும் முன்னால் தரையைத் தொட்டுப் போகும்படி அடிக்கிறது. இடது கை ஏற்கெனவே தாழ்ந்து அங்கே காத்திருக்க வேண்டும். பந்து கைக்கு வந்ததும் வலது கால் குறுக்கே வந்து எதிராளியின் இடுப்பை ஒட்டிப் பதிகிறது. அவருக்கும் பந்துக்கும் நடுவே இப்போது உங்கள் உடல் இருக்கிறது.

டிஃபெண்டரின் மூளையில் அப்போது நடப்பது வியப்பானது. ஒரு தூண்டலுக்கு உடல் பதில் கொடுக்கத் தொடங்கிய உடனே இன்னொரு தூண்டல் வந்தால், இரண்டாவதற்கான பதில் வழக்கத்தைவிடத் தாமதமாகும் என்பதை டெல்ஃபோர்ட் என்ற ஆய்வாளர் 1931-இல் சோதனையில் காட்டினார். முதல் பதில் முடியும் வரை இரண்டாவது வரிசையில் நிற்கிறது. தோள் சாய்வு முதல் தூண்டல், பந்து குறுக்கே போவது இரண்டாவது. இரண்டுக்கும் நடுவே மிகச் சிறிய இடைவெளிதான் இருக்க வேண்டும், கிட்டத்தட்ட நொடியில் பத்தில் ஒரு பங்கு. அதிகம் தாமதித்தால் டிஃபெண்டர் முதல் பதிலை முடித்துவிட்டுத் தயாராகிவிடுவார். இரண்டையும் ஒன்றாகச் செய்தால் சாய்வை அவர் நம்பியிருக்கவே மாட்டார்.

1997 மார்ச் 12-ஆம் தேதி ஃபிலடெல்ஃபியாவில் நடந்த ஆட்டம் கிராஸ்ஓவருக்குப் பெயர் பெற்ற சான்று. முதல் பருவம் ஆடிக்கொண்டிருந்த ஆலன் ஐவர்சன், ஆறடி உயரக் கார்டு. எதிரே நின்றவர் ஆறரை அடி உயர மைக்கேல் ஜோர்டன், 1988-இல் என்பிஏ லீகின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது பெற்றவர். ஐவர்சன் முதலில் சின்னதாக ஒரு கிராஸ்ஓவர் போட்டார். ஜோர்டன் அந்தப் பக்கம் சாய்கிறாரா என்று பார்த்துக்கொண்டார். சாய்ந்தார். ஐவர்சன் உடனே பாயவில்லை. ஜோர்டன் காலைச் சரிசெய்துகொள்ளும் வரை விட்டு, பிறகு அகலமாக உண்மையான கிராஸ்ஓவர் போட்டார், அங்கிருந்தே எறிந்தார், பந்து வளையத்தில் விழுந்தது. தடுமாறிய ஜோர்டன் திரும்பி வந்து கையை நீட்டிவிட்டார் என்பதையும் அந்த ஆட்டத்தின் வீடியோவில் காணலாம். கிராஸ்ஓவர் சம்பாதித்துத் தரும் நேரம் அரை நொடிகூட இல்லை. கிடைத்ததும் எறியவோ பாயவோ வேண்டும். அன்று ஐவர்சன் 37 புள்ளிகள் எடுத்தும் வென்றது ஜோர்டனின் சிகாகோ அணி. இந்த கிராஸ்ஓவரை ஐவர்சன் கற்றுக்கொண்டது கல்லூரி அணியில் அதிகம் ஆடவைக்கப்படாத டீன் பெரி என்ற சக ஆட்டக்காரரிடம்.

இதற்கும் எல்லைகள் உண்டு. எதிராளி கை நீட்டினால் உங்களைத் தொடும் அளவுக்கு ஒட்டி நின்றால் முன்பக்க கிராஸ்ஓவர் வேண்டாம். காலிடுக்கு வழியாகவோ முதுகுக்குப் பின்னாலோ மாற்றுங்கள். அவர் இரண்டு எட்டு தள்ளி நின்றால் கிராஸ்ஓவர் வீண், நிதானமாகத் திரும்பிவிடுவார். ஒரு எட்டில் அவர் தோளை உரசிக் கடக்கும் தூரம்தான் சரி. பந்து போக வேண்டிய பாதையில் அவர் கை தொங்கினால் மாற்றாதீர்கள். அகலமாக இழுக்கும் ஆசையில் உள்ளங்கை பந்துக்கு அடியில் போய்ப் பந்து அதில் தங்கிவிட்டால் நடுவர் விசில் அடிப்பார், பந்து எதிரணிக்கு.

பந்தைப் பறிகொடுக்கும் கார்டு செய்ய வேண்டிய முதல் வேலை, எங்கே பறிபோகிறது என்று பார்ப்பதுதான். நேராகத் தட்டும்போதே போனால் உயரமும் விசையும் கோளாறு. நிதானிக்கும்போது போனால் பந்தும் உடலோடு தூங்கிவிட்டது. குறுக்கே மாற்றும்போது போனால் தூரமோ, வாங்கும் கையின் உயரமோ தவறு. ஓடும்போது பின்னாலிருந்து போனால் வேகம் மாறவில்லை, தாளம் தெரிந்துவிட்டது. ஓர் ஆட்டத்தைக் கைப்பேசியில் எடுக்கும்படி நண்பரிடம் சொல்லுங்கள். பறிபோன ஒவ்வொரு பந்தையும் இந்த நான்கில் எதில் சேரும் என்று குறியுங்கள். அதிகம் சேர்ந்த ஒன்றை மட்டும் முதலில் சரிசெய்யுங்கள்.