தொடையில் ஒரு குதிரை முத்தம்!

ஜெர்மனிக்காரர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் 'குதிரை முத்தம்'. கற்பனை எங்கெங்கோ ஓட வேண்டாம். ஃபுட்பால் ஆடும்போது எதிராளியின் முட்டி பறந்து வந்து உங்கள் தொடையின் முன்பக்கம் 'ணங்'கென்று இறங்குகிறதே, அதுதான் முத்தம்! இங்கிலாந்தில் 'செத்த கால்' என்பார்கள். அடி விழுந்த அடுத்த நிமிஷம் கால் நம்முடையது மாதிரியே இருக்காது என்பதால். நம் மதுரைப் பக்கம் அதன் பெயர் ஊமைக்காயம். என்னைக் கேட்டால் இதுதான் பொருத்தமான பெயர். தோலில் கீறல் இருக்காது, ரத்தம் வராது, எலும்பும் முறிந்திருக்காது. காயம் வாயே திறக்காது. உள்ளே மட்டும் ஒரு கலாட்டா நடந்துகொண்டிருக்கும்.

ரேஸ்கோர்ஸ் பக்கம் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆடும் எங்கள் கோஷ்டியில் பாதிப்பேர் ஆபீஸ் ஆசாமிகள். வாரத்தில் ஆறு நாள் நாற்காலி, ஏழாம் நாள் திடீர் மரடோனா! எங்கள் டிஃபென்டர் ஒருவர் (பெயர் வேண்டாம், அவருடைய மேனேஜரும் இந்தப் பத்திரிகை படிப்பவர்) ஒரு ஹைபால் எடுக்க எகிறினார். எதிர் டீம் பையனும் எகிறினான். பந்து யாருக்கும் கிடைக்கவில்லை. பையனின் முட்டி மட்டும் நம்மவரின் வலது தொடைக்குக் கிடைத்தது.

"ஒண்ணுமில்லடா மாப்ள, லேசான அடிதான்" என்று எழுந்து, மிச்சமிருந்த கால் மணி நேரமும் நொண்டிக்கொண்டே ஆடினார். மத்தியானம் வீட்டில் உடம்பு ஆறியதும்தான் விஷயம் தெரிந்தது. சம்மணம் போட்டுச் சாப்பிட உட்கார முடியவில்லை. முட்டியில் ஒரு கீறல்கூட இல்லை, ஆனால் முட்டி மடங்க மாட்டேன் என்கிறது!

இது ஏன் என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். முன்தொடையில் நான்கு தசைகள் சேர்ந்த ஒரு கட்டு இருக்கிறது. முட்டியை நீட்டுவது அதன் வேலை. அந்த நான்கில் ஒன்று எல்லாவற்றுக்கும் அடியில், தொடை எலும்பின் மேலேயே ஒட்டிப் படுத்திருக்கிறது. வெளியிலிருந்து முட்டி இடிக்கும்போது அந்த அடித்தசை எலும்புக்கும் இடிக்கும் நடுவில் அகப்படுகிறது, அம்மிக்கும் குழவிக்கும் நடுவில் அகப்பட்ட மிளகாய் மாதிரி. நார்கள் நசுங்கி, குட்டிக் குட்டி ரத்தக் குழாய்கள் அறுந்து, ரத்தம் தசைக்குள்ளேயே தேங்குகிறது. தசையைச் சுற்றி உறை இருப்பதால் ரத்தம் வெளியே போகவும் வழியில்லை. முட்டியை மடக்க வேண்டுமென்றால் இந்தத் தசை நீள வேண்டும். ரத்தம் ரொம்பி விறைத்துக் கிடக்கும் தசை எப்படி நீளும்? அதனால்தான் அடி ஓர் இடத்தில், மக்கர் இன்னோர் இடத்தில்.

சிலருக்கு ஒன்றிரண்டு நாளில் நீலமும் பச்சையுமாகத் தோல் நிறம் மாறி, அந்தக் கறை முட்டி வரை இறங்கிவிடும். பார்க்கப் பயமாக இருக்கும். உண்மையில் பல சமயம் இது நல்ல சேதி. ரத்தம் உறைக்கு வெளியே கசிந்து இறங்குகிறது, இறுக்கம் சீக்கிரம் குறையும். தோலில் ஒன்றுமே தெரியாமல், தொடை மட்டும் கல்லாக இருந்து, முட்டியும் மடங்காமல் நாள் ஓடினால்தான் உஷாராக வேண்டும்.

நம்மவர் கதைக்கு வருவோம். சாயங்காலம் அவருடைய மாமனார் வந்தார். "என்ன மாப்பிள்ளை, ரத்தம் கட்டிக்கிருச்சா? இதுக்கெல்லாம் போயி டாக்டரா?" என்று தெருமுனையில் சுளுக்கு எடுக்கும் பெரியவரைக் கூட்டி வந்துவிட்டார். பெரியவர் கெட்டவரில்லை, காசுகூடக் கேட்கவில்லை. நல்லெண்ணெயைச் சுடவைத்து, கட்டை விரலால் தொடையை மேலிருந்து கீழே அழுத்தி உருவினார். "பல்லைக் கடிச்சுக்கங்க தம்பி, கட்டை ஒடைச்சு விட்டுட்டா சரியாப் போயிரும்!" அரை மணி நேரம். பிறகு வெந்நீர் ஒத்தடம்.

காலையில் எழுந்தபோது ஞாயிறன்று மடங்கிய அளவுகூட மடங்கவில்லை. நம் ஊர் கக்கூஸில் குத்துக்கால் போட முடியாத கஷ்டத்தை அவர் விவரித்த விதத்தை இங்கே அச்சில் ஏற்ற முடியாது.

அன்று பார்த்த எலும்பு டாக்டர் முதலில் செய்தது ரொம்ப எளிமையான சோதனை. குப்புறப் படுக்க வைத்து, வலி அனுமதிக்கும் வரை குதிகாலைப் பின்பக்கம் கொண்டுவரச் சொன்னார். நேராக நீட்டிய கால் 0 டிகிரி. அடிபட்டு ஒன்று, இரண்டு நாளில் முட்டி 90 டிகிரிக்கு மேல் மடங்கினால் லேசான அடி. 45-க்கும் 90-க்கும் நடுவில் என்றால் நடுத்தரம். 45-கூட வரவில்லையென்றால் பலமான அடி. நம்மவருக்கு வந்தது 40.

இந்தக் கணக்கு அமெரிக்காவின் வெஸ்ட் பாயின்ட் ராணுவ அகாடமியிலிருந்து வந்தது. அங்கே படிக்கும் பையன்கள் ஓயாமல் விளையாடி அடிபடுகிறவர்கள். 1991-ல் அந்த டாக்டர்கள் 117 தொடை அடிகளைப் பற்றி எழுதினார்கள். லேசான அடிக்கு சராசரியாக 13 நாள், நடுத்தரத்துக்கு 19, பலமானதற்கு 21 நாள் முடக்கம். அதைவிட முக்கியமான விஷயம் ஒன்று: நூற்றுக்கு ஒன்பது பேருக்குத் தொடைத் தசைக்குள் எலும்பு முளைத்திருந்தது!

ஆமாம், எலும்புதான். தேங்கிய ரத்தமும் நசுங்கிய நாரும் இருக்கும் இடத்தைச் சரிசெய்ய உடம்பு அனுப்பும் செல்களில் சில, வழி தவறின மாதிரி, தசை கட்டுவதற்குப் பதிலாக எலும்பு கட்ட ஆரம்பித்துவிடுகின்றன. எலும்பை ஒட்டி இருக்கும் தசையில் இது சுலபம். முட்டி சரியாக மடங்காதவர்கள், முன்பே அதே தொடையில் அடி வாங்கியவர்கள், மூன்று நாளுக்கு மேல் வைத்தியம் பார்க்காமல் விட்டவர்கள், முட்டியிலும் நீர் கோத்தவர்கள் ஆகியோருக்கு இது அதிகம் வருகிறது என்று வெஸ்ட் பாயின்ட்காரர்கள் கண்டார்கள்.

இப்போது அந்தக் கட்டை விரலுக்கு வருவோம். உள்ளே அறுந்த குழாய்களின் வாயை உறைந்த ரத்தம் அடைத்து வைத்திருக்கிறது. 'கட்டை உடைப்பது' என்றால் அந்த அடைப்பைப் பிடுங்குவதுதான். மறுபடி கசியும், மறுபடி வீங்கும். நசுங்கிய நார்களுக்கு அது இரண்டாவது இடி. மேலே சூடு வைத்தால் குழாய்கள் விரிந்து இன்னும் தாராளமாகக் கசியும். 1980-ல் முயல்களை வைத்து ஒரு சோதனை வெளியானது. முட்டியை அசையாமல் கட்டி வைத்து, தினமும் அவிழ்த்து பலவந்தமாக மடக்கி நீட்டியபோது தொடைத் தசையில் எலும்பு உருவானது. முயலுக்கு யாரும் எண்ணெய் போட்டு உருவவில்லை என்பது வாஸ்தவம். ஆனால் காயப்பட்ட தசையைப் பலவந்தப்படுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு அது சாட்சி. 'பிடித்து மடக்கினால் சரியாகிவிடும்' என்று முட்டி மேல் ஏறி உட்காரும் நண்பர்களுக்கும் இது பொருந்தும்.

"அப்ப என்னதான் சார் செஞ்சிருக்கணும்?" என்று நம்மவர் கேட்டார். டாக்டர் சொன்னது, நம் வழக்கத்துக்கு நேர் எதிர். அடிபட்டவுடன் ஆட்டத்தை விட்டு வெளியே வர வேண்டும். காலை நீட்டிப் போடாமல், வலியில்லாத அளவுக்கு முட்டியை நன்றாக மடக்கி, தொடையையும் கெண்டைக்காலையும் சேர்த்து க்ரேப் பேண்டேஜால் சுற்றிவிட வேண்டும். மடங்கிய நிலையில் தசை நீண்டு இறுகி இருப்பதால் ரத்தம் தேங்க இடம் குறைகிறது. அமெரிக்கக் கடற்படை அகாடமியில் 47 மாணவர்களுக்கு, அடிபட்ட பத்து நிமிஷத்துக்குள் முட்டியை 120 டிகிரிக்கு மடக்கி 24 மணி நேரம் கட்டி வைத்தார்கள். சராசரியாக மூன்றரை நாளில் முழு ஆட்டத்துக்குத் திரும்பினார்கள், எலும்பு முளைத்தது ஒரே ஒருவருக்கு என்று 2006-ல் எழுதினார்கள். இப்படிக் கட்டாமல் விட்ட இன்னொரு கூட்டத்தோடு பக்கத்தில் வைத்து ஒப்பிடவில்லை, ஆகையால் கண்ணை மூடிக்கொண்டு கைதட்ட வேண்டாம். ஆனாலும் க்ரேப் பேண்டேஜ் செலவுக்கு இது மோசமில்லை. கட்டும்போது கால் விரல் வெளுத்தாலோ மரத்தாலோ உடனே தளர்த்த வேண்டும்.

அதோடு ஐஸ். துண்டில் சுற்றி 15, 20 நிமிஷம், இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை, முதல் இரண்டு நாள். ஜிகர்தண்டாக் கடைக்குக் கடைக்கு ஐஸ் உடைக்கிற ஊரில் ஐஸுக்கா பஞ்சம்? வெந்நீர், தைலம், 'வலி தெரியாமல் இருக்க ஒரு குவார்ட்டர்' இவையெல்லாம் அந்த நாட்களில் கூடாது. தொடை கல்லாக இருந்து முட்டி மடங்காத வரை அழுத்தித் தேய்ப்பதும் கூடாது. மடக்கும் பயிற்சியை அவரவரே, வலிக்கு முன்னால் நிறுத்திச் செய்ய வேண்டும்.

ஒரு விஷயத்துக்கு மட்டும் ஐஸ் வைத்துக்கொண்டு உட்காரக் கூடாது. மணிக்கு மணி வலி ஏறி, மாத்திரைக்கும் அடங்காமல், தொடை மரக்கட்டையாக இறுகி, காலோ பாதமோ மரத்துப்போனால், தசை உறைக்குள் அழுத்தம் ஏறி ரத்த ஓட்டமே தடைப்படுகிறது என்று பொருள். ராத்திரி இரண்டு மணியானாலும் ராஜாஜி ஆஸ்பத்திரி மாதிரி பெரிய இடத்துக்கு ஓட வேண்டியதுதான். சில மணி நேரத்துக்குள் ஆபரேஷன் செய்து அழுத்தத்தை இறக்க வேண்டியிருக்கும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் சின்ன அடிக்கே டாக்டரைப் பார்த்துவிடுவது நல்லது.

நம்மவர் மகனின் ஜாமெட்ரி பாக்ஸிலிருந்து கோணமானியை எடுத்துக்கொண்டார். தினமும் ராத்திரி அவர் குப்புறப் படுக்க, வீட்டுக்காரம்மா அளந்து காலண்டரில் எழுதினார். ஐந்தாம் நாள் 65, பத்தாம் நாள் 90. எல்லாரும் சந்தோஷப்பட்டோம். மூன்றாவது வாரம் 100-ல் நின்றுவிட்டது. நாலாவது வாரம் 95-க்கு இறங்கியது! தொடைக்குள் எலுமிச்சம்பழம் சைஸில் ஒரு கட்டி கைக்குத் தட்டுப்பட்டது. முன்னேறிக்கொண்டிருந்த மடக்கு பின்வாங்குவதுதான் அடையாளம். எக்ஸ்ரேயில் தொடை எலும்பை ஒட்டிப் பஞ்சு மாதிரி ஒரு நிழல். முதல் வாரமே படம் எடுத்திருந்தால் ஒன்றும் தெரிந்திருக்காது, எக்ஸ்ரேயில் தெரிய மூன்று, நாலு வாரம் ஆகும்.

உருவியதால்தான் எலும்பு வந்தது என்று டாக்டர் அடித்துச் சொல்லவில்லை. அடியே பலமானது, அதற்கு மேல் கால் மணி நேரம் ஆடியும் இருக்கிறார். "தேய்ச்சது உதவலை, அது மட்டும் நிச்சயம்" என்றார். "வெட்டி எடுத்துருங்க சார்" என்று நம்மவர் அவசரப்பட்டதற்கும் மறுத்துவிட்டார். பச்சையாக இருக்கும்போது வெட்டினால் மறுபடி முளைக்கும். முற்றுவதற்கு ஆறு மாசம் முதல் ஒரு வருஷம்கூட ஆகலாம், பெரும்பாலும் அதற்குள் வெட்ட வேண்டிய தேவையே இல்லாமல் போய்விடும்.

அப்படித்தான் ஆனது. நாலு மாசத்தில் இரண்டு காலும் ஒரே அளவு மடங்கின. ஓட ஆரம்பித்தார். கட்டி சின்னதாக இன்னும் இருக்கிறது. இப்போதெல்லாம் எங்கள் கிட் பையில் ஆறு அங்குல க்ரேப் பேண்டேஜ் இரண்டும், ஐஸ் போட்ட ஃப்ளாஸ்க் ஒன்றும் வருகின்றன. ஃப்ளாஸ்க்கைக் கொடுத்தனுப்புவது அந்த மாமனார்தான்!