ஒரே துளை, இரண்டு கணக்கு

தாவர உடலியல் தாளில் ஒளிச்சேர்க்கைக்கு ஒரு பக்கமும் நீராவிப்போக்குக்கு ஒரு பக்கமும் ஒதுக்கி எழுதுவது நம் வகுப்பறைகளின் பழக்கம். ஒவ்வொன்றுக்கும் உள்ளே போவது, வெளியே வருவது, கட்டுப்படுத்தும் காரணி என்று மூன்று கட்டங்கள் போட்டு நிரப்பிவிடுவோம். முதல் இரண்டு கட்டங்களில் பெரும்பாலும் தவறு வராது. மூன்றாவது கட்டத்தில்தான் ஒளி, வெப்பம், கார்பன் டை ஆக்சைடு, நீர் என்று நான்கையும் வரிசையாக எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். எந்த நேரத்தில் எது கட்டுப்படுத்துகிறது, எந்த வழியில் கட்டுப்படுத்துகிறது என்பது அங்கே வருவதில்லை. குறிப்பாக நீரைப் பற்றி. அது ஒளிச்சேர்க்கையின் மூலப்பொருள், ஆகவே அது குறைந்தால் ஒளிச்சேர்க்கை குறையும் என்று எழுதினால் முடிவு சரி, காரணம் தவறு. ஏன் என்பதை ஒரு மானாவாரி நிலக்கடலைச் செடியின் இலையை வைத்து இந்த வாரம் பார்ப்போம்.

ஒளிவினையிலிருந்து தொடங்கலாம். இது நடக்கும் இடம் பசுங்கணிகத்தின் தைலகாய்டு சவ்வு. உள்ளே போவது ஒளி, நீர், ஏடிபி ஆகப்போகும் அடினோசின் டைபாஸ்பேட்டும் பாஸ்பேட்டும், எலக்ட்ரானை ஏற்கக் காத்திருக்கும் என்ஏடிபி. இரண்டாம் ஒளி அமைப்பு ஒளியை வாங்கி எலக்ட்ரானை இழக்கிறது. அந்த இழப்பை ஈடுகட்ட, அதோடு ஒட்டியிருக்கும் மாங்கனீசுத் தொகுதி நீரைப் பிளக்கிறது.

2H₂O → O₂ + 4H⁺ + 4e⁻

வெளியேறும் ஆக்சிஜன் நீரிலிருந்துதான் வருகிறது, கார்பன் டை ஆக்சைடிலிருந்து அல்ல. 1941இல் ரூபனும் கேமனும் கனமான ஆக்சிஜன் ஐசோடோப்பைக் கொண்டு இதைக் காட்டினார்கள். எலக்ட்ரான் அங்கிருந்து முதலாம் ஒளி அமைப்புக்குப் போய், இன்னொரு முறை ஒளியால் ஊக்கம் பெற்று, என்ஏடிபியை என்ஏடிபிஎச் ஆக்குகிறது. போகும் வழியில் புரோட்டான்கள் சவ்வின் உட்புறம் குவிகின்றன. அவை திரும்ப வெளியேறும்போது ஏடிபி உருவாகிறது. ஒரு ஆக்சிஜன் மூலக்கூறுக்குக் குறைந்தது 8 ஒளித்துகள்கள் வேண்டும். கிடைப்பவை இரண்டு என்ஏடிபிஎச், சுமார் இரண்டரை ஏடிபி. இந்தப் படியைக் கட்டுப்படுத்துவது விடியற்காலையிலும் மேகமூட்டத்திலும் அடர்ந்த செடியின் அடியிலைகளிலும் ஒளிதான்.

அடுத்தது ஸ்ட்ரோமாவில் நடக்கும் கால்வின் சுழற்சி. ரூபிஸ்கோ என்ற நொதி, ஐந்து கார்பன் கொண்ட சர்க்கரைப் பாஸ்பேட்டோடு ஒரு கார்பன் டை ஆக்சைடைச் சேர்த்து, மூன்று கார்பன் கொண்ட அமில மூலக்கூறுகள் இரண்டைத் தருகிறது. ஏடிபியும் என்ஏடிபிஎச்சும் செலவாகி அந்த அமிலம் சர்க்கரைப் பாஸ்பேட்டாகக் குறைக்கப்படுகிறது. பெரும்பகுதி பழைய ஐந்து கார்பன் ஏற்பியைப் புதுப்பிக்கத் திரும்பிவிடும். மூன்று கார்பன் டை ஆக்சைடு உள்ளே போனால் மூன்று கார்பன் கொண்ட ஒரு சர்க்கரைப் பாஸ்பேட் மிஞ்சும். செலவு 9 ஏடிபி, 6 என்ஏடிபிஎச். அதாவது ஒரு கார்பனுக்கு மூன்று ஏடிபி, இரண்டு என்ஏடிபிஎச். ஒளிவினை நேர்வழியில் தருவது இரண்டரைதான் என்று மேலே பார்த்தோம். குறையும் ஏடிபியை முதலாம் ஒளி அமைப்பைச் சுற்றும் சுழல் எலக்ட்ரான் ஓட்டம் தருகிறது. இந்த ஒரு வரியை விடைத்தாளில் சேர்த்தால், சுழல் பாஸ்பேட் ஏற்றம் எதற்கு இருக்கிறது என்ற கேள்விக்கும் அங்கேயே பதில் கிடைத்துவிடும். வெயில் நன்றாக ஏறிய பிறகு இந்தப் படியைக் கட்டுப்படுத்துவது ரூபிஸ்கோவின் வேகமும் அதற்குக் கிடைக்கும் கார்பன் டை ஆக்சைடும். ரூபிஸ்கோ மிக மெதுவான நொதி. ஒரு நொடிக்கு மூன்று மூலக்கூறு என்ற அளவில்தான் வேலை செய்யும். போதாக்குறைக்கு ஆக்சிஜனையும் பிடித்துக்கொள்ளும்.

1905இல் பிளாக்மேன் சொன்ன விதியின் சாரம் இங்கே பொருந்துகிறது. பல காரணிகள் சேர்ந்து நடத்தும் செயலின் வேகத்தைத் தேவையோடு ஒப்பிட மிகவும் பின்தங்கியிருக்கும் காரணி தீர்மானிக்கிறது. அவர் வரைந்ததுபோலக் கோடு சட்டென்று மடங்குவதில்லை, வளைந்துதான் தட்டையாகிறது. அந்த வளைவுப் பகுதியில் இரண்டு காரணிகள் சேர்ந்தே கட்டுப்படுத்தும். ஆனாலும் கேள்வியை எழுப்பும் முறையாக இந்த விதி இன்றும் உதவுகிறது.

இனி நீராவிப்போக்கு. இதை வேரிலிருந்து தொடங்கி எழுதுவது வழக்கம். விசை பிறப்பது இலையில் என்பதால் அங்கிருந்து எழுதுவதே பொருத்தம் என்பது என் கருத்து. இலைத்திசு செல்களின் ஈரமான சுவரிலிருந்து நீர் ஆவியாகிறது. செல் இடைவெளிகளில் காற்று ஏறக்குறைய முழு ஈரத்தோடு இருக்கிறது. வெளியே காற்று உலர்ந்திருப்பதால் ஆவி இலைத்துளை வழியாக வெளியேறுகிறது. செல் சுவரின் நுண்துளைகளில் நீர்ப்பரப்பு உள்வாங்க, அங்கே உண்டாகும் இழுவிசை சைலத்தின் நீர்த்தூணை இழுக்கிறது. நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டிருப்பதால் தூண் அறாமல் வேர்வரை அந்த இழுப்பு போய்ச் சேர்கிறது. 1894இல் டிக்சனும் ஜாலியும் முன்வைத்த விளக்கம் இது. வேரில் அகத்தோலின் காஸ்பேரியன் பட்டை, செல் சுவர் வழியாக மட்டுமே வரும் நீரை மறித்து, ஒரு முறையாவது செல் சவ்வைக் கடக்கச் செய்கிறது.

உள்ளே போவது மண்ணின் நீரும் வெப்பமும். ஒரு கிராம் நீர் ஆவியாகச் சுமார் 2,430 ஜூல் வேண்டும். வெளியே வருவது நீராவி. கூடவே இலை குளிர்கிறது, தாது உப்புகள் மேலே ஏறுகின்றன. கட்டுப்படுத்துபவை மண் ஈரம், இலையின் உள்ளும் வெளியும் இருக்கும் ஆவியழுத்த வேறுபாடு, காற்றோட்டம், எல்லாவற்றுக்கும் மேலாக இலைத்துளையின் திறப்பு. காலையில் நீல ஒளி பட்டதும் காப்பு செல்கள் புரோட்டான்களை வெளியே தள்ளும், பொட்டாசியம் உள்ளே நுழையும், நீர் பின்தொடரும், செல்கள் விறைத்துத் துளை திறக்கும். வறட்சியில் அப்சிசிக் அமிலம் இந்த ஓட்டத்தைத் திருப்பித் துளையை மூடவைக்கிறது.

இப்போது நம் நிலக்கடலை இலைக்கு வருவோம். கணக்குக்காகச் சில எளிய எண்களை வைத்துக்கொள்கிறேன். காலையில் வெப்பம் 25 டிகிரி, காற்றின் ஈரப்பதம் 70 சதவீதம். அந்த வெப்பத்தில் முழு ஈரக் காற்றின் ஆவியழுத்தம் 3.17 கிலோபாஸ்கல். வெளியே இருப்பது அதில் 70 சதவீதம், 2.22. வேறுபாடு 0.95. உச்சியில் வெப்பம் 35 டிகிரி ஆகிறது, காற்றில் உள்ள நீராவி மாறவில்லை. இலையின் உள்ளே ஆவியழுத்தம் 5.62 ஆகிவிடுகிறது, வெளியே அதே 2.22. வேறுபாடு 3.40. பத்து டிகிரிதான் கூடியது, நீரை வெளியே இழுக்கும் விசையோ மூன்றரை மடங்குக்கு மேல் ஆகிவிட்டது. இலையும் காற்றும் ஒரே வெப்பத்தில் இருப்பதாக இங்கே கொண்டிருக்கிறேன்.

காலையில் இந்த இலை ஒரு சதுர மீட்டருக்கு ஒரு நொடியில் 25 மைக்ரோமோல் கார்பன் டை ஆக்சைடைப் பிடிக்கிறது என்று கொள்வோம். வெளிக்காற்றில் அந்த வாயு பத்து லட்சத்தில் 420 பங்கு, இலைக்குள் 290 பங்கு. துளை வழியாக நீராவி கார்பன் டை ஆக்சைடைவிட 1.6 மடங்கு எளிதாகப் பரவும். இவற்றை வைத்துப் போட்டால் வெளியேறும் நீர் 2.9 மில்லிமோல். ஒரு கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறுக்கு ஏறக்குறைய 116 நீர் மூலக்கூறுகள். ஒளிவினையில் பிளவுபடும் நீரோ ஒரு கார்பனுக்கு இரண்டு, அதிலும் ஒன்று திரும்பக் கிடைத்துவிடுகிறது.

மூன்றாவது கட்டத்தில் நீரை எப்படி எழுத வேண்டும் என்பது இந்த இரண்டு எண்களிலேயே இருக்கிறது. பிளப்பதற்கு நீர் இல்லாமல் எந்த இலையும் ஒளிச்சேர்க்கையை நிறுத்துவதில்லை. வாடிய இலையில்கூட அதற்கு வேண்டிய நீர் தாராளமாக இருக்கும். நீர் குறைந்தால் துளை மூடுகிறது, துளை மூடினால் கார்பன் டை ஆக்சைடு குறைகிறது. நீர்ப் பற்றாக்குறை முதலில் கைவைப்பது கால்வின் சுழற்சியின் உள்ளீட்டில்தான்.

உச்சிவேளையில் துளை காலையில் இருந்த அளவே திறந்திருந்தால் நீரிழப்பு 10 மில்லிமோலைத் தாண்டும். வேர் அந்த வேகத்தில் தர முடியாது. ஆகவே துளை காலைத் திறப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்குச் சுருங்குகிறது. அப்போது நீரிழப்பு 3.2 மில்லிமோல், ஏறக்குறைய காலை அளவுதான். கார்பன் பிடிப்போ 25லிருந்து 12 ஆகிறது, பாதிக்கும் சற்றுக் கீழே. திறப்பு மூன்றில் ஒன்றாகியும் கார்பன் பாதியளவு வருவதற்குக் காரணம், இலைக்குள் அந்த வாயு 290லிருந்து 220க்கு இறங்கிவிட, உள்ளே இழுக்கும் வேறுபாடு 130லிருந்து 200 ஆகக் கூடிவிடுவதுதான். நீராவிக்கு இப்படியொரு மாற்றம் கிடையாது. துளையை ஓரளவு மூடுவதால் கார்பனைவிட நீர் அதிகமாக மிச்சப்படுவது இதனால்தான். துளை முழுக்கத் திறந்தே இருந்தால் ஒரு கார்பனுக்கு 400க்கு மேல் ஆகியிருக்கும் நீர்ச்செலவு 270க்குள் நின்றுவிடுகிறது. நிலக்கடலை இதோடு சிற்றிலைகளையும் மடித்து, மேலே விழும் வெயிலைக் குறைத்துக்கொள்கிறது.

இதற்கு ஒரு விலை உண்டு. உள்ளே கார்பன் டை ஆக்சைடு குறைந்து வெப்பமும் ஏறியிருப்பதால் ரூபிஸ்கோ ஆக்சிஜனை அதிகம் பிடிக்கிறது, ஒளிச்சுவாசம் கூடுகிறது. வாங்கிய ஒளிக்கு வேலை இல்லாமல் போகிறது. அதன் பெரும்பகுதியை இலை வெப்பமாக வெளியேற்றியாக வேண்டும். அது முடியாதபோது இரண்டாம் ஒளி அமைப்பு சேதமடையும்.

வேகம் 12க்கு இறங்கியது துளையாலா, உள்ளே ஏற்பட்ட சேதத்தாலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? 1982இல் ஃபார்குவரும் ஷார்க்கியும் விளக்கிய வழி எளிமையானது. அகச்சிவப்பு வாயுப் பகுப்பானைக் கொண்டு கார்பன் பிடிப்பையும் நீரிழப்பையும் ஒன்றாக அளந்தால் இலைக்குள் உள்ள கார்பன் டை ஆக்சைடைக் கணக்கிடலாம். பிடிப்பும் உள்ளளவும் சேர்ந்து இறங்கியிருந்தால், நம் இலையில் 12, 220 என்று வந்ததுபோல, தடை துளையில் இருக்கிறது. பிடிப்பு 12 ஆகவே இருந்து உள்ளளவு 310 என்று ஏறியிருந்தால், வாயு உள்ளே தேங்கி நிற்கிறது, அதைப் பிடிக்க ஆளில்லை என்று பொருள். தடை பசுங்கணிகத்தில். கடும் வறட்சியில் மட்டும் இந்தச் சோதனையைக் கவனமாகப் படிக்க வேண்டும். துளைகள் இலை முழுவதும் சீராக மூடாமல் திட்டுத்திட்டாக மூடினால், கணக்கிட்ட உள்ளளவு உண்மையைவிட அதிகமாக வந்துவிடும்.

செய்முறைத் தேர்வில் கையில் இருப்பது கனாங் போட்டோமீட்டர்தான். அது அளப்பது கிளை உறிஞ்சும் நீரை, வெளியேறும் ஆவியை அல்ல. நிதானமான நிலையில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று. கிளையை நிழலிலிருந்து வெயிலுக்கு மாற்றிய உடனே ஆவியாதல் முந்தும், உறிஞ்சல் பின்தங்கும். அந்த இடைவெளியில் எடுத்த அளவை நீராவிப்போக்கு என்று எழுதக்கூடாது. காற்றுக்குமிழி சீரான வேகத்துக்கு வரும்வரை காத்திருந்து குறித்துக்கொள்ள வேண்டும்.

நம் வயலுக்கு மழை வந்தது என்று வைத்துக்கொள்வோம். தடை துளையில் மட்டும் இருந்திருந்தால் மறுநாள் காலை இலை மறுபடியும் 25க்கும் 290க்கும் பக்கத்தில் வந்து நிற்கும். துளை திறந்தும் பிடிப்பு 15ஐத் தாண்டாமல் உள்ளளவு 340 என்று காட்டினால், உச்சி வெயில் ஒளி அமைப்பிலோ ரூபிஸ்கோவிலோ கைவைத்திருக்கிறது. அது சரியாகச் சில நாட்கள் ஆகலாம். அதுவரை அந்த இலை நீரைக் காலை அளவுக்கே செலவழித்து, கார்பனை மட்டும் குறைவாகச் சேர்த்துக்கொண்டிருக்கும்.

(தொடரும்)