போன வருஷக் கணக்கை வெல்ல முடிகிறதா?

ஒரு மருந்து மொத்த வியாபாரி இரண்டு சரக்குகளின் விற்பனையை முன்கூட்டிக் கணிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒன்று இருமல் சிரப், மற்றது எப்போதாவது போகும் ஒரு கண் சொட்டு மருந்து. ஆண்டு முடிந்து பார்த்தால் சிரப்பில் காலாண்டுக்குச் சராசரியாக 2 பெட்டி பிசகியிருக்கிறது. சொட்டு மருந்தில் 1.25 பெட்டிதான். எந்தக் கணிப்பு நல்லது?

பெட்டியை வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது, ஏனென்றால் சிரப் காலாண்டுக்கு 70 பெட்டி போகிறது, சொட்டு மருந்து இரண்டு போனாலே அதிகம். சரி, சதவீதமாக மாற்றலாம் என்றால் வேறொரு சிக்கல். சொட்டு மருந்து ஒரு காலாண்டில் விற்கவே இல்லை. பிசகைப் பூஜ்ஜியத்தால் வகுக்க வேண்டி வருவதால் கணக்கு அங்கேயே நின்றுவிடும்.

2006இல் ராப் ஹைண்ட்மன், ஆன் கோலர் என்ற இரு புள்ளியியலாளர்கள் இதற்கு ஒரு வழி சொன்னார்கள். பிசகை விற்பனையால் வகுக்காதீர்கள், அந்தச் சரக்கின் பழைய வரலாற்றில் சோம்பேறிக் கணிப்பு எவ்வளவு பிசகியதோ அதால் வகுங்கள் என்றார்கள். இந்த அளவையின் பெயர் மேஸ். பருவத்துக்கேற்ப ஏறி இறங்கும் சரக்குக்குச் சோம்பேறிக் கணிப்பு என்பது, போன ஆண்டு இதே காலாண்டில் எவ்வளவு போனதோ இந்த ஆண்டும் அவ்வளவே போகும் என்று சொல்லிவிடுவது. இதைத் துறையில் சீசனல் நாயீவ் என்பார்கள்.

சிரப்பைப் பார்ப்போம். முதல் ஆண்டின் நான்கு காலாண்டுகளில் 50, 40, 60, 90 பெட்டி. இரண்டாம் ஆண்டில் 54, 44, 66, 88. போன ஆண்டு எண்ணையே சொல்லியிருந்தால் பிசகு 4, 4, 6, 2, சராசரி 4. இதுதான் சிரப்பின் அளவுகோல். மூன்றாம் ஆண்டில் வியாபாரியின் பிசகு 2 என்பதால் மேஸ் 2/4, அதாவது 0.5.

சொட்டு மருந்து முதல் ஆண்டில் 0, 3, 1, 0. இரண்டாம் ஆண்டில் 1, 2, 1, 2. இங்கே சோம்பேறிப் பிசகின் சராசரி வெறும் 1. வியாபாரியின் பிசகு 1.25 என்பதால் மேஸும் 1.25. பெட்டிக் கணக்கில் நல்லதாகத் தெரிந்தது உண்மையில் மோசம் என்பது இப்போது வெளிப்படுகிறது. பெட்டி, ரூபாய், யூனிட் எல்லாம் வகுத்தலில் அடிபட்டுப் போவதால், ஆயிரம் சரக்குகளின் மேஸைக் கூட்டிச் சராசரியும் எடுக்கலாம்.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். மேஸ் ஒன்றைத் தாண்டினால் சோம்பேறிக் கணிப்பிடம் தோற்றுவிட்டோம் என்று முடிவு கட்டிவிடுவார்கள். அளவுகோல் பழைய ஆண்டுகளிலிருந்து வந்தது. தேர்வோ புதிய ஆண்டில் நடந்தது. புதிய ஆண்டு குழப்பமானதாக இருந்தால் எல்லார் மேஸும் ஏறும். ஆகவே சோம்பேறிக் கணிப்பையும் அதே புதிய ஆண்டில் ஓட்டிப் பார்க்க வேண்டும். மூன்றாம் ஆண்டில் சிரப் 55, 46, 70, 95 பெட்டி போனது. போன ஆண்டு எண்களை வைத்திருந்தால் சராசரிப் பிசகு 3.5, மேஸ் 0.875. வியாபாரியின் 0.5 அதை வென்றுவிட்டது. சொட்டு மருந்து 0, 2, 2, 1 போனது. சோம்பேறிக்கு மேஸ் 0.75. வியாபாரி 1.25 வாங்கி அதனிடம் தோற்றிருக்கிறார்.

இப்படித் தோற்பது அரிதல்ல. 2018இல் நடந்த எம்4 போட்டியில் 1,00,000 தரவுத் தொடர்கள் தரப்பட்டன. மதிப்பெண்ணில் ஒரு பாதி மேஸ், மறுபாதி சதவீத வகை அளவை ஒன்று. இரண்டும் ஓர் எளிய கணிப்போடு ஒப்பிடப்பட்டன: பருவ ஏற்ற இறக்கத்தை நீக்கி, கடைசி எண்ணையே நீட்டி, பருவத்தைத் திரும்பச் சேர்ப்பது, அவ்வளவுதான். முழுக்க இயந்திரக் கற்றலை நம்பி வந்த ஆறு முறைகளில் அதை வென்றது ஒன்றே ஒன்று. ஆனால் முதலிடம் பெற்றது, பழைய புள்ளியியல் முறையையும் நரம்பு வலைப்பின்னலையும் கலந்த ஒரு முறை.

மேஸுக்கும் வரம்பு உண்டு. வரலாற்றில் எண் மாறவே இல்லையென்றால் அளவுகோல் பூஜ்ஜியமாகி, வகுத்தல் மறுபடி நின்றுபோகும். இதைவிட விஷமமானது இன்னொன்று. பாதிக்கு மேற்பட்ட மாதங்களில் விற்பனையே இல்லாத சரக்குக்கு, எப்போதும் பூஜ்ஜியம் என்று கணிப்பவருக்கே மிகக் குறைந்த மேஸ் கிடைக்கும். அவர் பேச்சைக் கேட்டால் அந்த மருந்து அலமாரியில் இருக்காது. வால்மார்ட் கடைகளின் விற்பனையை வைத்து 2020இல் நடந்த எம்5 போட்டியில் பூஜ்ஜியங்கள் நிறைய இருந்ததால், பிசகை வர்க்கமாக்கி அளந்தார்கள். சரக்கின் விற்பனைத் தொகைக்கேற்ப எடையும் கொடுத்தார்கள்.

உங்களிடம் யாராவது கணிப்பு மென்பொருள் விற்க வந்தால், அதன் துல்லியச் சதவீதத்தைக் கேட்க வேண்டாம். அதே சரக்குகளுக்கு, அதே மாதங்களில், போன வருஷக் கணக்கு எவ்வளவு பிசகியது என்று கேளுங்கள். அந்த எண்ணைக் காட்டாதவரிடம் வாங்காதீர்கள்.