தனுஷ்கோடிக்குப் போனார், இலங்கைக் கணக்கில் பில் வந்தது! – செல்போன் பில்லைப் படிப்பது எப்படி?

மாதம் 399 ரூபாய் திட்டம். வந்த பில்லோ 2,195 ரூபாய் 32 பைசா!

இப்படி ஒரு பில் வந்தால் யாருக்குத்தான் திக்கென்று இருக்காது? "கம்பெனிக்காரன் ஏமாற்றிவிட்டான்" என்று சிலர் கூச்சல் போடுவார்கள். "நமக்கு எங்கே புரியப் போகிறது?" என்று பேசாமல் பணத்தைக் கட்டிவிடுவார்கள் வேறு சிலர். இரண்டுமே வேண்டாம். பில்லில் இருப்பது கூட்டல் கணக்குதான். எந்தத் தொகை எதற்காக வந்தது என்று தெரிந்துகொண்டால் போதும்.

ஒரு குடும்பத்தை உதாரணமாக வைத்துக்கொள்வோம். மதுரையில் ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுகிறவர், மனைவி, இரண்டு பிள்ளைகள். அவருடைய செல்போன் 'போஸ்ட்பெய்டு' வகை. அதாவது, மாதம் முழுவதும் பேசிவிட்டு, மாதம் முடிந்த பிறகு பணம் கட்டும் வகை. பால்காரரிடம் மாதக் கணக்கு வைப்பது போலத்தான். கீழே நாம் சொல்லும் கட்டண விகிதங்கள் இந்த உதாரணத்துக்காக வைத்துக்கொண்டவை. கம்பெனிக்குக் கம்பெனி அவை மாறும். ஆனால், கணக்குப் போடும் முறை எல்லாருக்கும் ஒன்றுதான்.

முதல் வரி: வாடகை

பில்லில் முதலில் இருப்பது மாத வாடகை. இவருக்கு 399 ரூபாய். நீங்கள் ஒரு தடவைகூடப் பேசாவிட்டாலும் இந்தத் தொகை உண்டு. இதற்குப் பதிலாக மாதத்துக்கு இவ்வளவு என்று கம்பெனி ஓர் அளவு கொடுக்கிறது. இவருடைய திட்டத்தில் உள்நாட்டுப் பேச்சுக்கு அளவு கிடையாது. இன்டர்நெட் 30 ஜி.பி. வரை.

புதிதாக இணைப்பு வாங்கியவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். முதல் பில்லில் வாடகை முழுதாக இருக்காது. பில் கணக்கு ஒன்றாம் தேதி தொடங்கி மாதக் கடைசியில் முடிகிறது என்போம். நீங்கள் ஏப்ரல் 18-ம் தேதி இணைப்பு வாங்கினால், அந்த மாதத்தில் உங்களுக்கு 13 நாள்தான். 399 ரூபாயை 30 நாளால் வகுத்து, 13 நாளுக்குப் பெருக்கினால் 172 ரூபாய் 90 பைசா. "அட, குறைவாக வந்திருக்கிறதே!" என்று மகிழலாம். ஆனால் பல திட்டங்களில் இன்டர்நெட் அளவையும் அதே போலக் குறைத்துவிடுவார்கள். 30 ஜி.பி. அல்ல, 13 ஜி.பி.தான் கிடைக்கும். இது தெரியாமல் முதல் மாதமே அளவைத் தாண்டிவிடுகிறவர்கள் உண்டு.

இரண்டாவது வரி: அளவுக்கு மேல்

நமது மதுரைக்காரருக்கு இது முதல் பில் அல்ல. பள்ளிக்கூட விடுமுறை மாதத்து பில். பிள்ளைகள் கையில் போன் இருந்தது. சினிமாப் படங்கள் ஓடின. 30 ஜி.பி.க்குப் பதில் 33 ஜி.பி. செலவாகிவிட்டது.

அளவு தீர்ந்தால் என்ன ஆகும்? சில திட்டங்களில் இன்டர்நெட் மாட்டு வண்டி வேகத்துக்குக் குறைந்துவிடும், காசு ஏறாது. வேறு சில திட்டங்களில் வேகம் குறையாது, காசு ஏறும். இவருடைய திட்டம் இரண்டாவது வகை. அதிகப்படியான ஒவ்வொரு எம்.பி.க்கும் 2 பைசா. ஒரு ஜி.பி. என்பது 1,024 எம்.பி. ஆகவே 3 ஜி.பி. என்றால் 3,072 எம்.பி. கட்டணம் 61 ரூபாய் 44 பைசா.

இதுவரை 460 ரூபாய் 44 பைசாதான் ஆகியிருக்கிறது. பிள்ளைகளைத் திட்டுவதற்குக் கூட இது போதாது. அப்படியானால் மீதிப் பணம் எங்கிருந்து வந்தது?

மூன்றாவது வரி: ரோமிங்

பில்லில் 'இன்டர்நேஷனல் ரோமிங்' என்று ஒரு வரி இருந்தது. அதற்கு நேரே 1,400 ரூபாய்!

பில்லைப் பார்த்த மனைவி கேட்டார்:

"ஏங்க, நாம எப்பங்க சிலோனுக்குப் போனோம்?"

"சிலோனா? ராமேசுவரம்தானே போனோம்!"

விஷயம் அங்கேதான் இருக்கிறது. அந்த மாதம் குடும்பத்தோடு ராமேசுவரம் போனார்கள். கோயிலில் தீர்த்தமாடிவிட்டு, தனுஷ்கோடிக்குப் போய் அரிச்சல்முனையில் கடலைப் பார்த்தபடி நின்றார்கள். அங்கிருந்து இலங்கையின் தலைமன்னார் ஏறத்தாழ 30 கிலோ மீட்டர்தான். நடுவில் மலை இல்லை, கட்டடம் இல்லை, வெறும் கடல். அக்கரையில் உள்ள செல்போன் கோபுரத்தின் அலை தடையில்லாமல் இக்கரைக்கு வந்துவிடுகிறது. அங்கே போன பலருடைய போனில் 'இலங்கைக்கு நல்வரவு' என்ற பாணியில் செய்தி வந்திருக்கிறது.

போனுக்கு நாட்டின் எல்லைக் கோடு தெரியாது. அது முதலில் தன் சொந்தக் கம்பெனியின் கோபுரத்தைத் தேடும். அது கிடைக்காவிட்டால், தன் கம்பெனியோடு ஒப்பந்தம் உள்ள வேறு கம்பெனியின் கோபுரம் கிடைக்கிறதா என்று பார்க்கும். கிடைத்தால் அதோடு ஒட்டிக்கொள்ளும். இப்படி அயலார் கோபுரத்தில் விருந்தாளியாகத் தங்குவதற்குத்தான் ரோமிங் என்று பெயர். நம் நாட்டுக்குள் இப்படித் தங்கினால் இன்றைய சாதாரணத் திட்டங்களில் தனிக் கட்டணம் கிடையாது. சென்னைக்காரர் டில்லிக்குப் போனாலும் அதே கணக்குதான். ஆனால் அந்தக் கோபுரம் வெளிநாட்டுக் கோபுரமாக இருந்துவிட்டால் கணக்கே வேறு.

இவர் முன்பு ஒரு முறை சிங்கப்பூர் போவதாக இருந்தது. அப்போது வெளிநாட்டு ரோமிங் வசதியைக் கேட்டு வாங்கினார். பயணம் நின்றுபோனது; வசதி மட்டும் போனில் தங்கிவிட்டது. ரோமிங்குக்கான தனி 'பேக்' எதுவும் அவர் வாங்கியிருக்கவில்லை. 'பேக்' இல்லாவிட்டால் கட்டணம் மிகக் கடுமை. ஒரு எம்.பி.க்கு 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். உள்ளூரில் அளவுக்கு மேல் போனால் 2 பைசாவுக்குக் கிடைக்கும் அதே ஒரு எம்.பி., இங்கே 5,000 மடங்கு விலை!

"நான் போனைத் தொடவே இல்லையே?" என்றார் அவர். தொட வேண்டியதே இல்லை. பையில் கிடந்தபடியே போன் வேலை செய்துகொண்டிருக்கும். வாட்ஸ்-அப் படங்கள் தாமாக வந்து இறங்கும். எடுத்த போட்டோக்கள் தாமாகப் போய்ச் சேரும். அரை மணி நேரத்தில் 12 எம்.பி. ஓடிவிட்டது. 1,200 ரூபாய்.

அந்த நேரத்தில் ஊரிலிருந்து அவருடைய அண்ணன் கூப்பிட்டார். "கடல் எப்படி இருக்கிறது?" என்று விசாரித்தார். நாலே நிமிடப் பேச்சு. வெளிநாட்டு ரோமிங்கில், வருகிற அழைப்பை எடுத்தாலும் கட்டணம் உண்டு. நிமிடத்துக்கு 50 ரூபாய் வீதம் 200 ரூபாய். அழைத்த அண்ணனுக்கு ஒன்றும் இல்லை. எடுத்த தம்பிக்குத்தான் செலவு!

எப்படிக் கண்டுபிடிப்பது?

வெளிநாடு போனால் போனின் கடிகாரம் மாறிக் காட்டிக்கொடுக்கும் என்று சிலர் நினைக்கலாம். இங்கே அது உதவாது. 2006 முதல் இலங்கைக்கும் நமக்கும் ஒரே நேரம்தான்.

திரையின் மேல் பகுதியைப் பாருங்கள். உங்கள் கம்பெனியின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் தெரியாத பெயர் வந்திருக்கும். பல போன்களில் சிக்னல் கோடுகளுக்குப் பக்கத்தில் R என்ற எழுத்தும் தோன்றும். உடனே போனை விமான நிலைக்கு மாற்றிவிடுவது நல்லது.

முன்கூட்டியே தடுக்கவும் வழி இருக்கிறது. போனின் அமைப்புகளில் Data roaming என்று ஒன்று உண்டு. அதை அணைத்து வைத்தால் இன்டர்நெட் செலவு நிற்கும். ஆனால் பேச்சுக்கான கட்டணம் அதனால் நிற்காது. வெளிநாடு போகும் எண்ணமே இல்லை என்றால், கம்பெனியிடம் சொல்லி வெளிநாட்டு ரோமிங் வசதியையே எடுத்துவிடச் சொல்வதுதான் சரி. ராமேசுவரம் போகிறவர்கள் ஊரிலிருந்து கிளம்பும் முன்பே இதைச் செய்துவிட வேண்டும்.

இன்னொரு சங்கதி. ரோமிங் கட்டணம் அந்த மாத பில்லிலேயே வர வேண்டும் என்பதில்லை. அந்நிய நாட்டுக் கம்பெனி நம் கம்பெனிக்குக் கணக்கு அனுப்பிய பிறகுதான் அது பில்லில் ஏறும். பழைய தேதியில் நடந்த பேச்சு அடுத்த பில்லில் வந்தால், இரண்டு தடவை போட்டுவிட்டார்கள் என்று எண்ணிவிடாதீர்கள். தேதியை ஒப்பிட்டுப் பாருங்கள்.

கடைசி வரி: வரி

வாடகை 399, அதிகப்படி 61.44, ரோமிங் 1,400. மொத்தம் 1,860 ரூபாய் 44 பைசா. இதன் மேல் 18 சதவிகிதம் ஜி.எஸ்.டி. வரி. பில்லில் இதை மத்திய அரசுக்கு 9, மாநில அரசுக்கு 9 என்று இரண்டாகப் பிரித்துக் காட்டுவார்கள். ஒவ்வொன்றும் 167 ரூபாய் 44 பைசா. இரண்டும் சேர்ந்து 334 ரூபாய் 88 பைசா. எல்லாம் கூட்டினால் 2,195 ரூபாய் 32 பைசா. பில் சரியாக இருக்கிறது!

2017-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி ஜி.எஸ்.டி. வந்தது. அதற்கு முன் சேவை வரியும் அதன் மேல்வரிகளும் சேர்ந்து 15 சதவிகிதமாக இருந்தன.

"399 ரூபாய் திட்டம் என்றார்களே, ஒன்றுமே கூடுதலாகச் செய்யாத மாதத்தில் ஏன் 470 ரூபாய் 82 பைசா?" என்று பலர் கேட்கிறார்கள். முன்பணம் கட்டும் 'பிரீபெய்டு' விலையில் வரி அடங்கியிருக்கும். போஸ்ட்பெய்டு திட்டத்தின் விலையில் வரி அடங்காது, பில்லில்தான் சேர்ப்பார்கள். இதை விளம்பரத்தில் கண்ணுக்குத் தெரியும்படி பெரிதாகப் போட்டால் என்ன குறைந்துவிடும் என்பது நம் கேள்வி.

சென்ற மாத பாக்கி இருந்தால் அதையும் மொத்தத்தில் சேர்த்திருப்பார்கள். அந்த பாக்கிக்கு முன்பே வரி போட்டாயிற்று. அதற்கு மறுபடியும் வரி போட்டிருந்தால் அது தவறு.

புகார் செய்வது எப்படி?

மதுரைக்காரர் நாட்டை விட்டுப் போகவே இல்லை. அவர் என்ன செய்யலாம்? முதலில் விவரப் பட்டியல் கேட்டு வாங்க வேண்டும். அதில் ஒவ்வொரு பேச்சுக்கும் தேதி, நேரம், எந்த நாட்டுக் கம்பெனி என்பது இருக்கும். தனுஷ்கோடியில் இருந்த நாளும் நேரமும் அதோடு பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். ராமேசுவரம் விடுதி ரசீது, பஸ் டிக்கெட் ஆகியவற்றை எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

பிறகு கம்பெனியின் வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்து, எல்லையோரக் கோபுரத்தால் வந்த கட்டணம் இது என்று புகார் பதிய வேண்டும். புகாருக்கு ஓர் எண் கொடுப்பார்கள். அந்த எண்ணை வாங்காமல் போனை வைக்காதீர்கள். அது இல்லாவிட்டால் நீங்கள் பேசியதற்கு அத்தாட்சியே கிடையாது. பதில் திருப்தி தராவிட்டால், அதே கம்பெனியில் உள்ள மேல்முறையீட்டு அதிகாரியிடம் 30 நாளுக்குள் எழுதலாம். அதற்குக் கட்டணம் இல்லை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான 'டிராய்' தனி மனிதர்களின் பில் தகராறை நேரடியாக விசாரிப்பதில்லை. ஆகவே அங்கே எழுதிவிட்டுக் காத்திருந்து, இந்த 30 நாளைக் கோட்டை விட்டுவிடக் கூடாது.

புகார் ஏற்கப்பட்டு ரோமிங் தொகை முழுவதும் தள்ளுபடியானால், அதற்குப் போட்ட வரி 252 ரூபாயும் சேர்ந்து குறைய வேண்டும். அப்போது அவர் கட்ட வேண்டியது 543 ரூபாய் 32 பைசா. அடுத்த பில்லில் 1,400 மட்டும் கழித்திருந்தால், அந்த 252-ஐயும் கேட்டு வாங்க வேண்டும்.