தவறான எண்ணில் தொடங்கும் முதலீடு

“டாக்டர், என் நாய்க்குட்டிக்கு நாளைக் காலை ஊசி போட இயலுமா?” ஜங்லிகாட்டில் மீன் வாணிகம் செய்யும் என் நண்பரின் கைப்பேசிக்கு இப்படியொரு செய்தி வந்தது. எண் தவறு என்று அவர் மரியாதையாகப் பதில் அனுப்பினார். எழுதியவர் மன்னிப்புக் கேட்டார். எந்த ஊர் என்று வினவினார். அந்தமான் என்றதும் கடலைப்பற்றியும் மழையைப்பற்றியும் பேசத் தொடங்கினார். மூன்று வாரம் வரையில் பணம் என்ற பேச்சே எழவில்லை.

எண் தவறியது தற்செயலன்று. செய்தி அனுப்ப ஆகும் செலவு ஏறத்தாழ ஏதுமில்லை. ஆகவே ஆயிரம் பேருக்கு அனுப்பி ஒருவர் பதிலளித்தாலும் போதும். பதிலளிப்பவர் பண்புள்ளவர், பேச நேரமுள்ளவர் என்பதும் அப்போதே தெரிந்துவிடுகிறது. சென்னையிலிருந்து இத்தீவுகளுக்குக் கடலடிக் கம்பிவடம் 2020 ஆகஸ்டில் வந்த பின்னர், இணையச் சேவையின் நன்மைகளுடன் இவ்வாணிகமும் எளிதில் வந்து சேர்ந்தது.

நான்காம் வாரத்தில் அந்த ‘நண்பர்’, தம் மாமாவின் யோசனைப்படி மின்னணு நாணயத்தில் முதலீடு செய்து ஆதாயம் பெறுவதாகச் சொல்லி, ஒரு செயலியை அனுப்பினார். நம்மவர் 10,000 ரூபாய் செலுத்தினார். ஐந்தாம் நாள் திரையில் 11,800 என்று காட்டியது. சோதித்துப் பார்க்க 2,000 ரூபாயைத் திரும்பக் கேட்டார். ஒரு மணி நேரத்தில் அது அவருடைய வங்கிக் கணக்குக்கு வந்துவிட்டது.

இந்த 2,000 ரூபாயே சூழ்ச்சியின் அச்சாணி. அது ஆதாயமன்று, அவர் கட்டிய பணத்தில் ஒரு பகுதி, அல்லது வேறொரு ஏமாளியின் பணம். திரையில் தோன்றும் தொகை சந்தையில் உருவானதன்று. எதிர்த்தரப்பினர் விரும்பியபடி பதிவு செய்யும் வெறும் எண். ஆனால், திரும்பக் கேட்டால் கிடைக்கிறது என்ற அனுபவம் எந்த விளம்பரத்தையும்விட வலியது. படித்தவர்களும் வீழ்வது இவ்விடத்திலேதான். அமெரிக்காவில் கான்சஸ் மாநிலத்தின் எல்க்கார்ட் நகரில் ஒரு வங்கித் தலைவரே இத்தகைய வலையில் சிக்கி, 2023-இல் தம் வங்கியின் பணம் 4.7 கோடி டாலரை அனுப்பிவிட்டார். வங்கி மூடப்பட்டது, அவருக்கு 24 ஆண்டுகளுக்கு மேற்பட்ட சிறைத்தண்டனை கிடைத்தது.

நண்பர் மேலும் 4 லட்சம் ரூபாயை மூன்று தவணைகளில் செலுத்தினார். ஆதாயமே 3 லட்சம் என்று திரை காட்டியது. பணத்தைக் கேட்டபோது, ஆதாயத்தின் மீது 20 சதவிகித வரி, அதாவது 60,000 ரூபாய், முதலில் கட்ட வேண்டும் என்றனர். அதையும் கட்டினார். அடுத்து ‘சரிபார்ப்புக் கட்டணம்’ கேட்ட பின்னரே ஐயம் பிறந்தது.

உண்மையான நிறுவனம் எதுவாயினும் பிடித்தம் செய்யவேண்டிய வரியை இருப்பிலிருந்தே கழித்துக்கொள்ளும். கையிருப்பு இருக்க, புதிதாகப் பணம் கேட்பது அங்கே இருப்பே இல்லை என்பதற்கு அடையாளம். இதற்கு முன்பே கண்டுகொள்ளக்கூடிய மற்றோர் அடையாளமும் உண்டு: ஒவ்வொரு தவணைக்கும் வெவ்வேறு தனிநபரின் கணக்கு தரப்பட்டது. பங்கு வணிகத்தைப் பொறுத்தவரை, செபியில் பதிவுபெற்ற தரகர்களுக்கென 2025 அக்டோபரிலிருந்து தனி யுபிஐ முகவரி உள்ளது. அதில் `.brk@valid` என்ற பகுதியும், அதையடுத்து வங்கியின் பெயரும் வரும்.

செய்தி எழுதியவர் யார்? இனிய மொழியில் எழுதுபவரே கைதியாக இருக்கலாம். மியான்மரின் மியாவடி பகுதி முகாம்கள் இத்தொழிலுக்குப் பெயர்போனவை. அவை நம் தீவுகளுக்குச் சென்னையைவிட அருகில் உள்ளன. கணினி வேலை என்று நம்பித் தாய்லாந்து சென்ற தமிழ் இளைஞர்களும் அங்கே அடைக்கப்பட்டனர். சிலர் 2022 அக்டோபரில் மீட்கப்பட்டுச் சென்னை வந்தனர். 2025 மார்ச்சில் 549 இந்தியர்களை விமானப்படை விமானங்கள் அழைத்துவந்தன.

நண்பர் அன்றிரவே 1930 என்ற எண்ணில் புகார் செய்தார். பணம் செலுத்தியதற்கான பரிமாற்ற எண்களை அவர் குறித்து வைத்திருந்தது உதவிற்று. இத்தகைய பணம் சில மணி நேரத்திற்குள் பல கணக்குகளுக்குப் பிரிந்து வெளியேறிவிடும். இடையில் எந்தக் கணக்கில் எஞ்சியிருக்கிறதோ அங்கேதான் வங்கி அதை நிறுத்திவைக்க முடியும். கடைசியாகக் கட்டிய 60,000 ரூபாயில் 41,000 அவ்வாறு நிறுத்தப்பட்டது. நீதிமன்ற ஆணை பெற்று அது அவர் கைக்கு வந்தது. முந்திய 4 லட்சம் அதற்கு மூன்று வாரம் முன்னரே போய்விட்டிருந்தது. நாய்க்குட்டியின் படம் இன்னும் அவர் கைப்பேசியில் இருக்கிறது. வழக்குக்குத் தேவைப்படும் என்பதால் அழிக்க வேண்டாம் என்று காவல்துறையினர் சொல்லியிருக்கின்றனர்.