காலையில் லீக், மதியம் காணோம்

இரவு முழுக்க மழை. காலையில் இன்வெர்ட்டர் திரையில் `PV Isolation Low` என்று வருகிறது, உற்பத்தி தொடங்கவில்லை. பத்து மணி வெயிலில் எல்லாம் சரியாகிவிடுகிறது. மதியம் வரும் மெக்கானிக் எதையும் காணாமல் ரீசெட் செய்துவிட்டுப் போகிறார்.

இன்வெர்ட்டர் பொய் சொல்லவில்லை. மின்கட்டமைப்போடு இணைவதற்கு முன், பேனல் வயர்களுக்கும் எர்த்துக்கும் இடையே உள்ள இன்சுலேஷனை அது தினமும் சோதிக்கிறது. வயரின் தோல் உரிந்த இடமோ, சரியாகப் பூட்டாத கனெக்டரோ நனைந்தால் அங்கே மின்சாரம் கசியும். காய்ந்ததும் கசிவு நின்றுவிடும். ஆகவே கூரை ஈரமாக இருக்கும்போதே அளந்துவிட வேண்டும்.

முதலில் இன்வெர்ட்டரின் ஏசி இணைப்பை அணைத்து, பிறகு டிசி ஐசொலேட்டரைத் திறக்க வேண்டும். கிளாம்ப் மீட்டர் பூஜ்யம் காட்டிய பிறகே கனெக்டரைக் கழற்றலாம். கரண்ட் ஓடும்போது பிரித்தால் தீப்பொறி அணையாமல் எரியும். வெளிச்சம் இருக்கும்வரை வயரில் வோல்டேஜும் இருக்கும் என்பதால், 1000 வோல்ட் டிசிக்கு ஏற்ற மீட்டரும் கையுறையும் இல்லாமல் கை வைக்கக்கூடாது.

ஸ்டிரிங்குகளை ஒவ்வொன்றாகத் தனித்துவிட்டு, ஒவ்வொன்றிலும் பிளஸ்–எர்த், மைனஸ்–எர்த் வோல்டேஜை அளக்கிறார்கள். நல்ல ஸ்டிரிங்கில் இரண்டும் நிலையாக நிற்காது, பூஜ்யத்தை நோக்கி இறங்கும். லீக் உள்ளதில் எண்கள் அசையாமல் நிற்கும். இருபது பேனல், பேனலுக்கு 40 வோல்ட், மொத்தம் 800 என்று வைத்துக்கொள்வோம். பிளஸ்–எர்த் 280, மைனஸ்–எர்த் 520 என்று நின்றால், 280-ஐ 40-ஆல் வகுக்க 7. பிளஸ் முனையிலிருந்து ஏழாவது பேனலுக்கும் எட்டாவது பேனலுக்கும் நடுவிலுள்ள இணைப்பில்தான் கோளாறு. இருபது பேனலையும் கழற்ற வேண்டியதில்லை.

ஆனால் எண்ணுவது வயர் ஓடும் வரிசையில் இருக்க வேண்டும். கூரையில் பக்கத்தில் இருப்பது வயரிங்கில் அடுத்ததாக இருக்கும் என்ற உறுதி இல்லை.

இரண்டு இடங்களில் லீக் இருந்தால் இந்தக் கணக்கு ஏமாற்றும்: இரண்டுக்கும் நடுவே உள்ள குற்றமற்ற பேனலைக் காட்டும். அப்போது ஸ்டிரிங்கைப் பாதியாகப் பிரித்து, ஒவ்வொரு பாதியையும் தனியாக அளப்பதே வழி. கோளாறு பெரும்பாலும் பேனலுக்குள் இருப்பதில்லை. கிளாம்புக்கும் ரெயிலுக்கும் இடையே நசுங்கிய வயரிலோ, தண்ணீர் புகுந்த கனெக்டரிலோ இருக்கும். அங்கே டேப் சுற்றுவது பழுதுபார்ப்பு ஆகாது. வயரையோ கனெக்டரையோ மாற்ற வேண்டும். பிறகு மெக்கரால் சோதிக்கையில், 500 வோல்ட்டுக்கு மேற்பட்ட ஸ்டிரிங்கில் 1000 வோல்ட் கொடுத்து குறைந்தது ஒரு மெகாஓம் வர வேண்டும்.

ரீசெட்டை மட்டும் நம்புவது ஏன் ஆபத்து? 2009-இல் கலிஃபோர்னியாவின் பேக்கர்ஸ்ஃபீல்டில் ஒரு கடைக் கூரையில் பற்றிய தீயில், முதல் எர்த் ஃபால்ட் யாருக்கும் தெரியாமலே இருந்தது. இரண்டாவது ஃபால்ட் சேர்ந்தபோதுதான் கூரை எரிந்தது.