டேப் சுற்றும் நேரம்

பிளவுஸ் தைக்கக் கொடுக்க வருகிற பெண்களில் பலர், இடுப்பில் டேப் சுற்றியதும் தங்களை அறியாமலே மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்வார்கள். "வயிறு போட்டுடுச்சுக்கா, ஒரு இஞ்ச் குறைச்சே எழுதுங்க" என்பார்கள் சிரித்தபடி. அந்தச் சிரிப்புக்குள் இருக்கும் கூச்சம் தையல்கார அக்காவுக்குத் தெரியும்.

அனுபவப்பட்டவர் உடனே எழுதமாட்டார். டேப்பைப் பிடித்தபடியே பேச்சுக் கொடுப்பார். பதில் சொல்லும்போது மூச்சு இறங்கிவிடும். அப்போது கிடைப்பதுதான் சரியான அளவு.

கை விஷயம் இன்னும் நுட்பமானது. மேல்கைச் சுற்றளவு 14 அங்குலம் உள்ள ஒருவர், "கை குண்டா தெரியுது, இறுக்கமா வைங்க" என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் சொன்னபடி 13½ வைத்தால், ஓரம் சதையில் பதிந்து அதற்குக் கீழே கை பிதுங்கும். எதை மறைக்க நினைத்தாரோ அதுதான் முதலில் கண்ணில் படும். கையைத் தூக்கினால் அக்குளில் தையலும் விட்டுப்போகும். அதனால் சுற்றளவை 14½ அல்லது 15 வைத்து, நீளத்தை முழங்கைப் பக்கம் 2 அங்குலம் இறக்குவதே நல்லது. பருத்த இடத்திலேயே கை முடிந்தால் பார்வை அங்கேதான் நிற்கும். உள்ளே அரை அங்குலம் துணி விட்டு வைத்தால், பின்னால் பிரித்துக்கொள்ளலாம்.

சிலருக்கு ஒரு தோள் சற்று இறங்கியிருக்கும். இது பலருக்கும் உள்ளதுதான். ஆனாலும் "எனக்கு மட்டும் ஏன் கழுத்து நழுவுது?" என்று கலங்குவார்கள். அந்தப் பக்கத் தோளை மட்டும் கால் அங்குலம் கூடுதலாகச் சரித்து வெட்டினால் பெரும்பாலும் நழுவல் நின்றுவிடும்.